இருபத்தேழாம் கேள்வியின் துளை

இந்திராணி அசிஸ்டென்ட் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வை இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் ஆங்கிலத் தாள் அவளைக் கவிழ்த்தது. மற்ற தாள்களில் அவளுக்குக் குறைவில்லை. ஆங்கிலத்தில் மட்டும், ஒரு பத்தியைக் கொடுத்து நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் நான்கு சொற்களை நீட்டிப் பொருத்தமானதைத் தேர்ந்தெடு என்பார்களே, அந்தப் பகுதியில் தடுமாறிப்போவாள். நான்கும் சரி என்றே அவளுக்குத் தோன்றும். முதலில் எது காதுக்கு நன்றாக இருக்கிறதோ அதைக் குறித்துவிட்டு வெளியே வருவாள்.

இரண்டாவது முறை தோற்ற பிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஓட்டையைப் பார்க்கக் கூடாது, ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பதைப் பார்க்க வேண்டும். முன்னால் ‘ஆன்’ (an) என்று இருந்தால் அடுத்த சொல் உயிரொலியில்தான் தொடங்கும், தமிழில் ‘ஓர்’ மாதிரி. எழுவாய் ஒருமையா பன்மையா, காலம் என்ன, அடுத்த வாக்கியம் மறுக்கிறதா ஒத்துப்போகிறதா என்று கேட்டுக்கொண்டே போனால் நான்கில் இரண்டு தானாக உதிர்ந்துவிடும். மிஞ்சிய இரண்டில்தான் பொருளைப் பார்க்க வேண்டும். இதை அவள் கண்டுபிடித்தபோது, அடுத்த தேர்வை மூன்று வருஷத்துக்கு நடத்தப்போவதில்லை என்று சுற்றறிக்கை வந்தது.

ஆரணிப் பக்கத்துக்காரி. அப்பா ராணுவத்தில் ஹவில்தார் கிளார்க். பள்ளிப்படிப்பு முடிந்ததும் எழுத்தர் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவள். கணவன் மாசிலாமணி ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கிட்வாய் நகரில் இரண்டாம் மாடிக் குவார்ட்டர்ஸ். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் அவள் எழுத்தராகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் அந்த அலுவலகம் ஒரு தமிழ்த் தேர்வை நடத்தியது. தமிழில் வந்து குவியும் மனுக்களைப் படித்துச் சுருக்கம் எழுத ஆள் இல்லை. தமிழ் நன்றாகத் தெரிந்த எழுத்தர்கள் பன்னிரண்டு பேர் தேவை. அறுபது கேள்விகள், எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். தாள்கள் திருத்துவதற்கு இந்திராணியிடமும் காமாக்ஷியிடமும் வந்தன. அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்த எழுத்தர்கள் இவர்கள் இருவர்தான். மேலே செக்ஷன் ஆபீசர் பாலசுப்ரமணியம். அவருக்கும் மேலே டைரக்டர் கன்னா, பஞ்சாபிக்காரர், தமிழ் ஓர் எழுத்து தெரியாது.

திருத்துவதற்குத் தமிழே தேவையில்லை என்பதுதான் அந்த முறையின் பெருமை. விடைத்தாளில் அறுபது வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு கட்டங்கள். எழுதியவர் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டிருப்பார். ஒரே வரிசையில் இரண்டு குறி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அட்டை ஒன்றை மேலே வைக்க வேண்டும். சரியான விடை இருக்கும் இடங்களில் மட்டும் அட்டையில் துளை. துளை வழியாகத் தெரியும் குறிகளை எண்ணினால் அதுதான் மதிப்பெண். ஒருத்தி எண்ணியதை மற்றவள் இன்னொரு முறை எண்ணிச் சரிபார்ப்பாள்.

நூறு தாள் முடிந்த சமயம் இந்திராணிக்கு ஏதோ உறுத்தியது. ஐம்பதுக்கு மேல் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தார்கள். இருபத்தேழாவது வரிசை. துளை ‘அ’வில் இருந்தது. நன்றாக எழுதியவர்களின் குறியோ அட்டைக்குக் கீழே ‘இ’யில் ஒளிந்துகொண்டிருந்தது.

“இருபத்தேழு என்ன கேள்வி காமாக்ஷி?”

“அதெல்லாம் நமக்கெதுக்கு? துளையை எண்ணு, போட்டுண்டே போ” என்றாள் காமாக்ஷி.

இந்திராணி வினாத்தாளை எடுத்துப் பார்த்தாள்.

‘இந்தக் கடிதங்கள் நான் எழுதியவை ______.’

அ) அன்று  ஆ) அல்லன்  இ) அல்ல  ஈ) அல்லர்

அவள் விரல் வைத்துக் கழித்துப் பார்த்தாள். அல்லன் என்பது ஆணுக்கு, போயிற்று. அல்லர் மனிதர்களுக்கு, அதுவும் போயிற்று. அன்று என்றால் ஒரே ஒரு பொருளுக்கு. ‘இது என் வீடு அன்று’ என்று எழுதலாம். இங்கே கடிதங்கள், எழுதியவை என்று இரண்டு இடத்தில் பன்மை உட்கார்ந்திருக்கிறது. அல்ல மட்டும்தான் மிச்சம். விடை இ. துளை தப்பான இடத்தில் விழுந்திருந்தது.

அன்று மாலை அவள் ஒரு காகிதத்தில் கணக்கெடுத்தாள். மேலே இருந்த முப்பது தாள்களில் இருபத்தாறு பேர் இ. அடியில் இருந்த முப்பதில் ஏழு பேர்தான் இ, மற்றவர்கள் நான்கு கட்டங்களிலும் சிதறியிருந்தார்கள். தெரிந்தவன் தவறுகிறான், தெரியாதவன் தட்டுத்தடுமாறிச் சரியாகப் போடுகிறான் என்றால் குற்றம் எழுதியவனிடம் இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு பாலசுப்ரமணியத்தின் மேஜைக்குப் போனாள்.

அவர் தஞ்சாவூர்க்காரர், சாந்தமான மனிதர். குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைத்துவிடுவார்.

“விடைக் கீ சீல் வச்சு வந்ததும்மா. பேராசிரியர் ஒருத்தர் தயார் பண்ணது. நீங்களும் நானும் அதுல கை வைக்க முடியுமா?”

“கை வைக்கச் சொல்லல சார். பேராசிரியரையே ஒரு வார்த்தை கேட்டுரலாமே. கடிதங்கள் அன்று-ன்னு யாராவது எழுதுவாங்களா?”

“நீங்க அசிஸ்டென்ட் பரீட்சை எழுதினீங்களே, என்னாச்சு?”

“பாஸாகல சார்.”

“எந்தப் பேப்பர்?”

“இங்கிலீஷ்.”

“அதுலயும் இந்தக் கோடிட்ட இடம் நிரப்புறதுதானே?” என்று கேட்டுவிட்டு அவர் பேனாவைத் திறந்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டாள். தன் இடத்துக்கு வந்து மீதித் தாள்களைத் திருத்தினாள். ஒவ்வொரு தாளிலும் இருபத்தேழாவது வரிசை வந்ததும் கை நின்றது. அட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். இ. பிறகு அட்டையை வைத்து, அந்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு எண்ணுவாள். சரியென்று தெரிந்ததைத் தன் கையாலேயே தவறென்று எழுதுவது அந்த வாரம் முழுக்க அவள் வேலையாக இருந்தது.

பட்டியல் தயாரானது. பன்னிரண்டாவது இடம் நாற்பத்தொன்பது மதிப்பெண்ணில் முடிந்தது. நாற்பத்தொன்பது வாங்கியவர்கள் மூன்று பேர். மூவரும் இருபத்தேழுக்கு ‘அ’ போட்டவர்கள். அவர்களுக்குக் கீழே நாற்பத்தெட்டில் ஐந்து பேர். ஐவரும் ‘இ’. அட்டையில் துளை ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் அந்த மூவர் கீழே, இந்த ஐவர் மேலே.

வீட்டில் சொன்னாள். மாசிலாமணி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

“உன் பேரு அதுல எங்கயாவது இருக்கா?”

“இல்ல.”

“அப்ப விடு. சொல்லியாச்சு இல்ல? அப்புறம் அவன் பாடு.”

“அவர் பாடுன்னா, அந்த அஞ்சு பேரு பாடு என்ன?”

“யாருன்னே தெரியாத அஞ்சு பேருக்காக நீ ஏன் சாப்பிடாம உக்காந்திருக்க?” என்றான் அவன். யாரென்று உண்மையிலேயே தெரியாது. வெறும் எண்கள்.

அந்த எண்களில் ஒன்று அடுத்த வாரம் நேரில் வந்தது.

ரிசப்ஷனில் இருந்து போன் வந்தது, மதராஸி ஆள் ஒருவன் நிற்கிறான், ஹிந்தி சரியாக வரவில்லை, யாராவது வாருங்கள் என்று. இந்திராணி போனாள். முப்பது வயது இருக்கும், துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, காலில் சிமென்ட் படிந்த செருப்பு. பெயர் அப்பாவு, ஊர் தர்மபுரிப் பக்கம். ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கட்டடம் ஒன்றில் சிமென்ட் கிடங்குக்குக் காவல் இருந்தானாம். வேலை முடிந்து ஆட்களைக் கழித்துவிட்டார்கள். அவன் நீட்டிய ஹால் டிக்கெட்டில் இருந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தெட்டு மதிப்பெண் வாங்கிய ஐவரில் ஒருவன்.

“ரிசல்ட்டு எப்ப வரும்னு கேக்க வந்தேங்க. எனக்கு இதான் கடைசி. அடுத்த வருசம் வயசு தாண்டிரும்.”

“வரும்போது லெட்டர் வரும். இப்ப ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“சரிங்க. ஆனா நல்லா எழுதியிருக்கேங்க.” அவன் போவதாக இல்லை. “மொதல்ல பயந்துட்டேன். அந்தப் பத்தியில ‘கடைக்கு ஓர்’னு போட்டு ஒரு கோடு, அப்பறம் ‘வந்தான்’னு இருந்திச்சு பாருங்க. பையன், சிறுவன், இளைஞன், முதியவன். நாலு பேரும் கடைக்கு வரலாமே. அப்பறம்தான் முன்னாடி ‘ஓர்’னு இருக்கறதப் பார்த்தேன். உயிரெழுத்துல ஆரம்பிக்கறது இளைஞன் ஒருத்தன்தான்.”

“ம்.”

“மழை வர்ற மாதிரி ஒண்ணு இருந்திச்சுங்க. ‘மழை பெய்யும்’, கோடு, ‘தோன்றியது’. போலக், போலச், போலத், போலப்னு நாலு. நாலும் ஒண்ணுதான், கடைசி எழுத்து மட்டும் வேற. அடுத்த வார்த்தை தோ-ல ஆரம்பிக்கறப்ப இங்க த் தானே வரும். அர்த்தமே தெரிய வேணாம், பக்கத்து எழுத்தைப் பார்த்தாப் போதும். தெரியாததையெல்லாம் இப்படித்தாங்க ஒண்ணொண்ணாக் கழிச்சேன்.”

இந்திராணி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு தேர்வில் தோற்று அவள் கற்றதை அவன் தேர்வு மண்டபத்திலேயே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறான்.

“கடிதங்கள் கேள்வி ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

“அல்ல. அதுல சந்தேகமே இல்லீங்க.”

அவள் ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள். அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதினாள். வாய்ப்பேச்சு இல்லை, முறையான குறிப்பு, கீழே கையெழுத்தும் தேதியும். பாலசுப்ரமணியம் வழியாக டைரக்டருக்கு. தன் வழியாகப் போகும் குறிப்பை அவரால் கிழித்துப் போட முடியாது.

மூன்றாம் நாள் கன்னா அவளையும் பாலசுப்ரமணியத்தையும் கூப்பிட்டார். அவர் முன்னால் குறிப்பு விரித்து வைக்கப்பட்டிருந்தது.

“எனக்கு இதில் இருக்கும் தமிழ் இலக்கணம் ஒன்றும் புரியவில்லை. புரியும்படி சொல்லுங்கள்” என்றார் ஹிந்தியில்.

இந்திராணி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். “சார், ‘யே சிட்டியான் மேரி நஹீ’ என்று சொல்லிவிட்டு ‘ஹை’ போடுவீர்களா, ‘ஹைன்’ போடுவீர்களா?”

“ஹைன். சிட்டியான் என்றால் பல கடிதங்கள் ஆயிற்றே. ‘ஹை’ ஒன்றுக்குத்தான்.”

“நம் அட்டை ‘ஹை’ சரி என்கிறது. ‘ஹைன்’ போட்ட எல்லோருக்கும் மதிப்பெண்ணை வெட்டியிருக்கிறோம்.”

கன்னா சிரிக்கவில்லை. பாலசுப்ரமணியத்தைப் பார்த்தார். மூலக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். கட்டைப் பிரித்ததும் இந்திராணிதான் அந்தப் பக்கத்தை முதலில் பார்த்தாள். பேராசிரியர் நீல மையில் எழுதியிருந்த கேள்வி வேறு: ‘இந்தக் கடிதம் நான் எழுதியது ______.’ ஒருமை. அதற்கு அன்று என்பது சரியான விடை. அதன் மேல் பச்சை மையில், கடிதம் கடிதங்கள் ஆகியிருந்தது, எழுதியது எழுதியவை ஆகியிருந்தது. இருபத்தாறாவது கேள்வியும் ஒருமையாக இருந்ததால், இரண்டும் ஒரே மாதிரி வேண்டாம் என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள். கேள்வியை மாற்றிய கை விடையை மாற்ற மறந்துவிட்டது. அந்தப் பிரிவில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான்.

அவள் நிமிர்ந்தாள். பாலசுப்ரமணியம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேராசிரியரிடம் அபிப்பிராயம் கேட்டுவிடலாம் சார்” என்றார் அவர் கன்னாவிடம் அமைதியாக. “லெட்டர் நானே போடுகிறேன்.”

அந்தக் கடிதத்தின் நகலை இந்திராணி பின்னால் கோப்பில் பார்த்தாள். இருபத்தேழாம் கேள்வி அதில் எங்குமே இல்லை. ‘அன்று, அல்ல ஆகிய சொற்களின் பயன்பாட்டில் கருத்து வேறுபாடு உண்டா?’ என்று மட்டும் கேட்டிருந்தது. பேராசிரியர் நேர்மையாகவே பதில் போட்டிருந்தார். மரபிலக்கணப்படி ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. ஆனால் இன்றைய வழக்கில் ஒருமைக்கும் அல்ல என்றே பலரும் எழுதுகிறார்கள், ஆகவே கருத்து வேறுபாடு உண்டு.

கருத்து வேறுபாடு உண்டு என்ற மூன்று சொல் போதுமானதாக இருந்தது. கேள்வி ஐயத்துக்கு இடமானது, எனவே யாருக்கும் பாதகமில்லாமல் அதை நீக்கிவிட்டு ஐம்பத்தொன்பதுக்கு மதிப்பிடலாம் என்று பாலசுப்ரமணியம் எழுத, கன்னா ஒப்பமிட்டார்.

இந்திராணி நேராக அவர் மேஜைக்குப் போனாள்.

“சார், அவர் லெட்டரைப் படிச்சீங்களா? பழைய இலக்கணத்துலயும் பன்மைக்கு அல்ல. இப்ப எழுதறதுலயும் அல்ல. சண்டை ஒருமையிலதான். நம்ம கேள்வியில எந்தப் பக்கம் போனாலும் அன்று வரவே வராது. கேள்வி சரி சார். கீதான் தப்பு. கீயை மாத்தணும்.”

“கீயை மாத்தினா ஏன் மாத்தினோம்னு எழுதணும். எழுதினா யாருன்னு எழுதணும்.” அவர் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். “எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா. எடுத்துட்டா எல்லாருக்கும் சமம்தானே. நீங்க கேட்டது நடந்துடுச்சு.”

“சமம் இல்ல சார்.”

“போய் மறுபடி எண்ணிப் பாருங்க.”

எண்ணினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தாளும் இரண்டாம் முறை. காமாக்ஷி முணுமுணுத்துக்கொண்டே கூட உட்கார்ந்தாள். “நோக்கு வேற வேலையே இல்லையா, என்னையும் சேர்த்து இழுக்கறியே” என்றாள். ஆனால் ஒரு தாளைக்கூடத் தவறாக எண்ணவில்லை.

‘அ’ போட்ட மூவரும் நாற்பத்தெட்டுக்கு இறங்கினார்கள். ‘இ’ போட்ட ஐவரும் இருந்த நாற்பத்தெட்டிலேயே நின்றார்கள். எட்டுப் பேர், மூன்று இடம். சம மதிப்பெண் வந்தால் பட்டதாரிக்கு முதலிடம், அதன் பிறகு வயதில் மூத்தவருக்கு என்று விதி. இறங்கி வந்த மூவரும் பட்டதாரிகள். ஐவரில் ஒருவர்கூட இல்லை. மூன்று இடமும் பழையபடி அந்த மூவருக்கே போயின. பட்டியலில் ஒரு பெயர்கூட மாறவில்லை. அட்டையைத் திருத்தியிருந்தால் ஐவரும் தனியாக மேலே வந்திருப்பார்கள், அவர்களுக்குள் வயதில் மூத்த மூவருக்கு வேலை. ஐவரில் மூத்தவன் அப்பாவு.

இதைத் தனிக் காகிதத்தில் எழுதி மறுபடி கன்னாவிடம் கொடுத்தாள். அவர் படித்தார், தலையசைத்தார். “நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் கோப்பு மூடியாயிற்று. ஐவருக்கும் காத்திருப்போர் பட்டியலில் இடம் உண்டு” என்றார். காத்திருப்போர் பட்டியலுக்கு ஆயுள் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் ஓர் இடமும் காலியாகவில்லை.

முடிவு வந்த பிறகு அப்பாவு ஒரு முறை வந்தான். காத்திருப்புக் கடிதம் கையில் இருந்தது. என்ன மதிப்பெண் என்று மட்டும் கேட்டான். நாற்பத்தெட்டு என்று சொன்னாள், அதைச் சொல்ல அப்போது அனுமதி இருந்தது. எங்கே தவறவிட்டேன் என்று கேட்டான். அவளால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. சொல்லி அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்பது இன்னொரு பக்கம். “நல்லாத்தான் எழுதியிருந்தீங்க” என்றாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. காமாக்ஷி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அடுத்த ஆண்டு இன்னொரு தமிழ்த் தேர்வு வந்தது. தட்டச்சுக்குப் போகும் முன் எல்லாக் கேள்விகளையும் இந்திராணி பார்க்க வேண்டும் என்று கன்னா வாய்மொழியாக உத்தரவிட்டார். அவள் ஒவ்வொரு கேள்வியையும் எழுதப்போகிறவனாக உட்கார்ந்து கழித்துப் பார்த்தாள். பதினொரு கேள்விகள் தேறவில்லை. ஒன்றில் நான்கு விடையும் பொருந்தின. ஒன்றில் எழுவாய் ‘அவர்கள்’, விடைகளில் ஒன்று மட்டும் பன்மை வினை, படிக்காமலே போட்டுவிடலாம். இன்னொன்றில் ‘நேற்று’ என்று தொடங்கி நான்கு விடையும் எதிர்காலம். பதினொன்றையும் திருத்தினாள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் பாலசுப்ரமணியம் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

அவள் மூன்றாம் முறை எழுதிய அசிஸ்டென்ட் தேர்வில் ஆங்கிலத் தாள் தேறியது. ஓட்டைப் பத்தியில் இருபதுக்குப் பதினெட்டு. ஆனால் அந்த வருஷம் இருந்த இடங்கள் சீனியாரிட்டியிலேயே நிரம்பிவிட்டன. எண்பத்தாறில் அவளைத் தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். தேர்வுப் பிரிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை.

போகும் முன் கேள்விகளைச் சரிபார்ப்பது எப்படி என்று ஒன்பது பக்கம் எழுதி, தன் இடத்துக்கு வந்த புதுப் பெண்ணிடம் கொடுத்தாள். கேள்வியில் ஓர் எழுத்து மாறினாலும் விடையை முதலிலிருந்து பார் என்பதை மூன்று இடத்தில் அடிக்கோடிட்டிருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண் அவள். பக்கங்களைப் புரட்டிவிட்டு, “தீதி, எனக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தோடா கஷ்டம், கொஞ்சம்தான் வரும்” என்றாள் ஹிந்தி கலந்து.

இந்திராணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளை வீட்டுக்குக் கொண்டுபோகும் சார்ட்டர்ட் பஸ் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும்.